இரண்டு டிஜிட்டல் ஒலிக்கருவிகளை இணைத்ததும் வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

எட்டு மைக்குகளுக்கான ப்ரீஆம்ப் ஒன்றை வாங்கி, ஏற்கெனவே இருக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸுடன் ஆப்டிகல் கேபிளால் சேர்ப்பது சிறிய ஒலிப்பதிவுக் கூடங்களில் இப்போது சாதாரணமாகிவிட்டது. சேர்த்த மறுநாள் எனக்கு அழைப்பு வரும். ஒலியே வரவில்லை என்பார்கள். அல்லது ஒலி வருகிறது, நடுநடுவே 'டிக்' என்கிறது என்பார்கள். பாட்டின் சுருதி ஏறிவிட்டது என்று பதறியவர்களும் உண்டு. பல ஆண்டுகளாக இதே நான்கைந்து கோளாறுகளைத்தான் மாற்றி மாற்றிச் சரிசெய்து வருகிறேன். பெரும்பாலானவை ஒரு மெனுவை மாற்றியதும் காசு செலவில்லாமல் தீர்ந்தன. ஆனால் மெனுவைத் தொடும் முன்பே வீட்டில் மூன்று புதிய கேபிள்கள் வந்து சேர்ந்திருக்கும். அந்தச் செலவை மிச்சப்படுத்தவே இதை எழுதுகிறேன்.

உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே தொடங்கி, மேலிருந்து கீழாகச் செல்லுங்கள். செலவில்லாத சோதனைகள் முதலிலும், பணம் கேட்பவை கடைசியிலும் இருக்கின்றன.

தொடங்கும் முன் ஒரு காரியம் கட்டாயம்: ஸ்பீக்கரின் ஒலியளவை முழுக்கக் குறைத்துவிடுங்கள், ஹெட்போனைக் காதிலிருந்து எடுத்துவிடுங்கள். கிளாக் என்பது ஒலியை எண்களாக எடுக்கும் வேகத்தைக் கருவிக்குச் சொல்லும் உள்கடிகாரம். அதன் அமைப்பை மாற்றும் நொடியில் சில கருவிகள் உச்ச அளவில் இரைச்சலைக் கக்கும். ட்வீட்டரும் செவியும் அதைத் தாங்காது.

## முதலில்: எந்த இணைப்பு எதற்கு?

கருவியின் பின்புறத்தில் எந்தத் துளை இருக்கிறதோ அதுதான் பாதி முடிவைச் செய்துவிடுகிறது. இரண்டு மூன்று இருந்தால் நான் இப்படித் தேர்ந்தெடுப்பேன்.

ஒரே மேசையில் இருக்கும் கருவிகளுக்கு, எட்டுச் சேனல் வேண்டுமென்றால் ஆப்டிகல். சதுர வாய் கொண்ட அந்தத் துளை தோஷிபா 1983-இல் கொண்டுவந்த டாஸ்லிங்க். பிளாஸ்டிக் இழையில் சிவப்பு வெளிச்சம் போகிறது. மின்தொடர்பே இல்லாததால் ஒரு கருவியின் எர்த் மற்றதைத் தொடாது. ஆனால் பிளாஸ்டிக் இழையில் வெளிச்சம் விரைவில் மங்கும். ஐந்து மீட்டருக்கு மேல் நான் நம்புவதில்லை.

இரண்டு சேனல் போதும், தூரம் சில மீட்டர்தான் என்றால் கோஆக்சியல். ஆர்சிஏ முனை கொண்ட எஸ்பிடிஃப் அதுதான். கேபிள் 75 ஓம் ஆக இருக்க வேண்டும்.

மேடைக்கும் ஒலிப்பதிவு அறைக்கும் இடையே இருபது, முப்பது மீட்டர் இழுக்க வேண்டுமென்றால் எக்ஸ்எல்ஆர் முனையுள்ள பேலன்ஸ்டு இணைப்பு, அதாவது ஏஇஎஸ்3. எஸ்பிடிஃப் அரை வோல்ட் அளவில் அனுப்புவதை இது 2 முதல் 7 வோல்ட் வரையான அளவில் அனுப்புகிறது. சரியான 110 ஓம் கேபிளில் நூறு மீட்டர் வரை போகும்.

மூன்றும் சரியாக வேலை செய்யும்போது ஒரே எண்களைத்தான் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. "எதில் ஒலி இனிமை?" என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: தூரத்தையும் சேனல் எண்ணிக்கையையும் எர்த்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், மீதிக் கவனத்தைக் கிளாக்குக்குக் கொடுங்கள்.

## அறிகுறி 1: ஒலியே இல்லை, `Lock` விளக்கு எரியவில்லை அல்லது சிமிட்டுகிறது

பிளாஸ்டிக் மூடி. புதிய ஆப்டிகல் கேபிளின் இரு நுனியிலும் நிறமற்ற சிறு மூடி இருக்கும். கண்ணாடிபோல் இருப்பதால் அது கேபிளின் பகுதி என்றே தோன்றும். அதோடு சேர்த்துத் துளைக்குள் அழுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். கருவியின் துளையிலும் கறுப்பு அடைப்பான் இருக்கலாம்.

போக்கும் வரத்தும். இந்த இணைப்புகள் எல்லாமே ஒரு திசையில் மட்டும் போகின்றன. அனுப்பும் கருவியின் `OUT`, வாங்கும் கருவியின் `IN`. ஆப்டிகலில் இதைச் சோதிப்பது எளிது. கேபிளின் ஒரு நுனியை `OUT`-இல் செருகி, மறு நுனியை உள்ளங்கைக்கு நேராகப் பிடியுங்கள். தோலில் சிவப்புப் புள்ளி விழுந்தால் அனுப்பும் பக்கம் உயிரோடு இருக்கிறது, கேபிளும் முறியவில்லை. நுனியைக் கண்ணுக்கு நேரே கொண்டுபோகாதீர்கள்.

ஒரே துளை, இரண்டு மொழி. ஆப்டிகலில் நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான். அதே சதுரத் துளை வழியாக இரண்டு சேனல் எஸ்பிடிஃபும் போகலாம், அலெசிஸ் நிறுவனம் உருவாக்கிய எட்டுச் சேனல் ஏடாட்டும் போகலாம். கேபிள் ஒன்றுதான், வெளிச்சம் ஒன்றுதான், உள்ளே ஓடும் மொழி வேறு. ஒரு பக்கம் ஏடாட்டிலும் மறுபக்கம் எஸ்பிடிஃபிலும் இருந்தால் சிவப்பு வெளிச்சம் அழகாகத் தெரியும், ஒலி மட்டும் வராது. இன்டர்ஃபேஸின் கட்டுப்பாட்டு மென்பொருளில் `Optical` என்ற பகுதியைத் தேடி, `ADAT` அல்லது `S/PDIF` என்பதில் எது தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சாம்பிள் ரேட். வினாடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து எண்ணாக்குகிறது என்பதுதான் இது. ஒன்று 44.1 கிலோஹெர்ட்ஸிலும் மற்றொன்று 48-இலும் இருந்தால் பல கருவிகள் பூட்டிக்கொள்ள மறுத்துவிடும். இரண்டையும் கையால் ஒரே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள்.

சுற்றுச் சோதனை. இவ்வளவுக்கும் பிறகு அசையவில்லை என்றால், இன்டர்ஃபேஸை `Internal` கிளாக்கில் வைத்து, அதன் `OUT`-ஐ அதன் சொந்த `IN`-உடனேயே அதே கேபிளால் இணையுங்கள். பூட்டிக்கொண்டால் கேபிளும் இந்தக் கருவியின் இரண்டு துளைகளும் நல்லவை. சந்தேகம் மற்றக் கருவியின் மேல் போகிறது. பூட்டிக்கொள்ளாவிட்டால் வேறு கேபிளால் ஒருமுறை பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் துளைக்குள் இருக்கும் ஒளி அனுப்பியோ வாங்கியோ போயிருக்கலாம். அது பலகையில் சாலிடர் செய்யப்பட்ட சிறு பாகம். இந்த இடத்தில் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஒரு கிளைக்கேள்வியும் அடிக்கடி வரும். "96-க்கு மாற்றினேன், ஐந்து முதல் எட்டு வரையிலான சேனல்கள் காணாமல் போய்விட்டன." அது கோளாறு அல்ல. ஏடாட் இழையில் 48-இல் எட்டுச் சேனல்தான் கொள்ளும். 96-இல் ஒவ்வொரு சேனலும் இரண்டு இருக்கைகளை எடுத்துக்கொள்வதால் நான்குதான் மிஞ்சும். எட்டும் வேண்டுமென்றால் இரு கருவிகளிலும் இரண்டாவது ஆப்டிகல் துளை இருக்க வேண்டும், இரண்டாவது கேபிளும் வேண்டும்.

## அறிகுறி 2: ஒலி வருகிறது, ஆனால் சீரான இடைவெளியில் 'டிக்' என்கிறது

இதில்தான் மக்கள் அதிகப் பணத்தை இழக்கிறார்கள். ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

வீட்டிலேயே ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கும் ஒருவர் வீணையும் மிருதங்கமும் பதிவு செய்துகொண்டிருந்தார். "அண்ணா, மூன்று கேபிள் மாற்றிவிட்டேன், டிக் சத்தம் போகவில்லை. மிருதங்கத்தில் கேட்கவில்லை, வீணையில் மட்டும் கேட்கிறது. மைக் பழுதோ?" என்று கேட்டார். மைக் பழுதில்லை. தாள வாத்தியத்தின் அடிகளுக்கு நடுவே அந்தச் சிறு ஒலி மறைந்துபோகிறது. நீளும் ஸ்வரத்தில் மறைய இடமில்லை. அதனால் இந்தக் கோளாற்றைச் சோதிக்க நான் எப்போதும் எலக்ட்ரானிக் தம்பூராவைத்தான் மைக் முன் வைக்கிறேன். நின்று ஒலிக்கும் சுருதியில் எந்தச் சிறு வெட்டும் அப்பட்டமாகத் தெரியும்.

தம்பூராவை ஓடவிட்டு, கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரத்தில் பத்து டிக்குகளை எண்ணச் சொன்னேன். 71 வினாடிகள். அடுத்த பத்தும் ஏறக்குறைய அதே. அரை மணி நேரம் கழித்து எண்ணியபோது 64 வினாடிகள். ப்ரீஆம்பின் எட்டுச் சேனலிலும் ஒரே நேரத்தில் கேட்டது. இன்டர்ஃபேஸில் நேரடியாகச் செருகிய மைக்கில் கேட்கவே இல்லை. இந்த மூன்றையும் கேட்டதும் கேபிளை மறந்துவிடலாம். கேபிள் பழுது தாளம் தவறாமல் வராது. கடிகாரங்கள் இரண்டு ஓடும்போதுதான் இப்படி வரும்.

நடந்தது இதுதான். ப்ரீஆம்ப் தன் சொந்தப் படிகத்தை வைத்து 48,000 என்று எண்ணி அனுப்புகிறது. இன்டர்ஃபேஸ் தன் சொந்தப் படிகத்தை வைத்து 48,000 என்று எண்ணி எடுக்கிறது. இரண்டு கடைகளில் வாங்கிய இரண்டு சுவர்க் கடிகாரங்கள் மாதக் கடைசியில் ஒத்துப்போகாததைப் போல, இந்த இரண்டு 48,000-மும் ஒன்றல்ல. ஒரு நேரத்தில் ஒரு சாம்பிள் நழுவுகிறது என்று வைத்துக்கொண்டால், 7.1 வினாடிக்கு ஒருமுறை என்பது சுமார் 3,40,000 சாம்பிள்களில் ஒன்று கூடுகிறது அல்லது குறைகிறது என்று பொருள். பத்து லட்சத்தில் மூன்று. சாதாரணப் படிகங்களுக்கு இது மிக நல்ல ஒற்றுமை. கருவிகளில் குறையே இல்லை. சூடேறியதும் படிகத்தின் வேகம் துளி மாறுகிறது, அதனால்தான் 71 வினாடி 64 ஆனது.

சரிசெய்யும் வரிசை இது.

இரண்டு மெனுக்களையும் பாருங்கள். `Clock Source` அல்லது `Sync Source` என்ற இடத்தில் அவரிடம் இரண்டு கருவிகளும் `Internal` என்றிருந்தன. சட்டம் ஒன்றுதான்: எத்தனை கருவி இருந்தாலும் ஒன்று மட்டுமே `Internal`. அதுதான் மாஸ்டர். மற்றவை அதைப் பின்பற்ற வேண்டும்.

கேபிள் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில்தான் கிளாக்கும் போகும். ஆப்டிகல், கோஆக்சியல், ஏஇஎஸ்3 மூன்றிலும் ஒலியோடு கிளாக்கும் பின்னிப்பிணைந்தே வருகிறது. ப்ரீஆம்பிலிருந்து இன்டர்ஃபேஸுக்கு ஒரே ஒரு கேபிள் இருந்தால், ப்ரீஆம்ப் `Internal`, இன்டர்ஃபேஸ் `ADAT`. வேறு வழி கிடையாது. இன்டர்ஃபேஸை மாஸ்டர் ஆக்க விரும்பினாலும், அதன் எண்ணிக்கை ப்ரீஆம்பைச் சென்றடைய வழியே இல்லை. அவர் இன்டர்ஃபேஸை `ADAT`-க்கு மாற்றினார். தம்பூராவைப் பத்து நிமிடம் ஓடவிட்டோம். ஒரு டிக்கும் இல்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. மறுநாள் காலை மீண்டும் அழைத்தார். தொகுப்பு வேலைக்காக இன்டர்ஃபேஸை மட்டும் இயக்கியிருக்கிறார், ப்ரீஆம்ப் அணைந்திருந்தது. மாஸ்டர் இல்லாததால் இன்டர்ஃபேஸ் தவித்தது, மென்பொருள் ஓட மறுத்தது. `Internal`-க்கு மாற்றி வேலையை முடித்தார், மாலை பதிவின்போது திரும்ப மாற்ற மறந்தார், டிக் திரும்பி வந்தது.

எப்போதும் இயங்கும் கருவியையே மாஸ்டர் ஆக்குங்கள். அதற்கு மாஸ்டரின் கிளாக் மறுபக்கம் போக ஒரு பாதை வேண்டும். இரண்டு வழிகள் உண்டு. இன்டர்ஃபேஸின் ஆப்டிகல் `OUT`-இலிருந்து ப்ரீஆம்பின் ஆப்டிகல் `IN`-க்கு இரண்டாவது ஆப்டிகல் கேபிள் ஒன்று போடலாம். அப்போது ப்ரீஆம்பின் கிளாக் `ADAT`. அல்லது கிளாக்கை மட்டும் கொண்டுபோக, இன்டர்ஃபேஸின் பிஎன்சி துளையிலிருந்து ப்ரீஆம்பின் `Word Clock In`-க்கு ஒரு 75 ஓம் கேபிள். அப்போது ப்ரீஆம்பின் கிளாக் `Word Clock`. இரண்டிலும் இன்டர்ஃபேஸ் `Internal`. அவருடைய ப்ரீஆம்பில் ஆப்டிகல் `IN` இல்லை, ஆகவே ஒரு மீட்டர் பிஎன்சி கேபிள் போட்டோம். அதன் பிறகு அவர் மெனுவைத் தொடவே தேவையிருக்கவில்லை.

சில மென்பொருள்கள் `Lock`, `Sync` என இரண்டு சொற்களைத் தனித்தனியாகக் காட்டும். `Lock` என்றால் வரும் சிக்னல் புரிகிறது என்று மட்டுமே பொருள். `Sync` என்றால்தான் இரண்டும் ஒரே எண்ணிக்கையில் ஓடுகின்றன. `Lock` எரிகிறதே என்று நம்பி ஒரு முழுக் கச்சேரியைப் பதிவு செய்துவிட்டு வருந்தியவர்கள் இருக்கிறார்கள். பதிவாகிவிட்ட டிக்கைக் கிளாக் மாற்றி எடுக்க முடியாது. ஒவ்வொன்றாகக் கையால் ஒட்டுப்போட வேண்டும்.

இரண்டு பக்கமும் கேபிள் போட்டு, இரண்டையும் பின்பற்றச் செய்துவிட்டால்? இதற்கு வேறு முகம். டிக் வராது, திரையில் சாம்பிள் ரேட் எண் அலைபாயும், பூட்டு விளக்கு சிமிட்டும். இருவரும் "நீ தாளம் போடு" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை அது. ஒன்றை `Internal` ஆக்குங்கள்.

கிளாக் வாங்கவே தெரியாத கருவி. சிடி பிளேயர் போன்றவை தங்கள் 44.1-ஐ விட்டு அசையாது. மிக்ஸர் 48-இல் ஓடுகிறது என்றால், மிக்ஸரின் அந்த டிஜிட்டல் இன்புட்டில் `SRC` என்ற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அது வரும் ஒலியை மிக்ஸரின் எண்ணிக்கைக்கு அங்கேயே மாற்றிக்கொள்ளும். இல்லையென்றால் வருத்தப்படாமல் அனலாக் கேபிளில் இணையுங்கள். தவறான கிளாக்கில் ஓடும் டிஜிட்டலைவிட அது எவ்வளவோ மேல்.

தனியாக மாஸ்டர் கிளாக் கருவி வாங்கலாமா என்று இந்த இடத்தில் கேட்பார்கள். இரண்டு கருவிகளுக்கு வேண்டாம். டிக் சத்தம் தீரக் காரணம் ஒரே கிளாக்கைப் பின்பற்றுவதுதான். அந்த ஒன்று எவ்வளவு விலை என்பது இந்தக் கோளாற்றுக்குத் தொடர்பில்லாதது.

## அறிகுறி 3: தாறுமாறாக வெடிக்கிறது, ஒலி அறுந்து அறுந்து வருகிறது

பத்து வெடிப்புகளை எண்ணிப் பாருங்கள். இடைவெளி ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை, கேபிளை அசைத்தால் கூடுகிறது, ஏசியோ மின்விசிறியோ இயங்கும் நொடியில் வருகிறது என்றால் இப்போதுதான் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆப்டிகலில் முதலில் வளைவைப் பாருங்கள். ரேக்கின் பின்னால் சுவரோடு நசுங்கி, கேபிள் கூராக மடிந்திருக்கும். ஒரு எலுமிச்சம்பழத்தைச் சுற்றுவதைவிட இறுக்கமாக வளைக்கக் கூடாது. ஒருமுறை மடிந்து வெளுத்துப்போன இழை, நிமிர்த்தினாலும் தேறாது. பிறகு நுனி: மென்மையான உலர்ந்த துணியால் துடையுங்கள், துளைக்குள் எதையும் விட்டுக் குடையாதீர்கள். அடுத்தது நீளம். 48-இல் ஓடும் நீண்ட கேபிள் 96-இல் அறுந்து போவதும் உண்டு, அதற்குக் குட்டையான கேபிள்தான் மருந்து.

கோஆக்சியலில் குற்றவாளி பெரும்பாலும் டேப் ரெக்கார்டர் காலத்துச் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ கேபிள். முனை பொருந்துகிறது, ஒரு மீட்டரில் வேலையும் செய்கிறது, மூன்று மீட்டரில் கைவிடுகிறது. 48-இல் ஓடும் இந்தச் சிக்னல் வினாடிக்கு 30 லட்சம் பிட்டுகளுக்கு மேல் சுமக்கிறது. காதுக்குக் கேட்கும் ஒலியை மட்டும் சுமக்கச் செய்த கேபிள் அதைச் சிதைத்துவிடுகிறது. உடனே மாற்றுக் கேபிள் வேண்டுமென்றால் பழைய வீடியோ பிளேயரின் மஞ்சள் முனைக் கேபிளை எடுங்கள். காணொளிக்காகச் செய்தது என்பதால் அது 75 ஓம்.

எக்ஸ்எல்ஆரில் மைக் கேபிளைப் போட்டுவிடுவது வழக்கம், ஏனென்றால் அதுதான் கையில் இருக்கும். சில மீட்டருக்கு அது போதும். ஒரு சபாவில் மேடையோரத்தில் இருந்த மிக்ஸரிலிருந்து பால்கனியில் இருந்த பதிவுக் கருவிக்கு மூன்று மைக் கேபிள்களை ஒன்றோடொன்று கோத்து இழுத்திருந்தார்கள். ஒத்திகையில் ஓடியது, கச்சேரி நடுவில் அறுந்தது. ஒவ்வொரு கோர்வையிலும் சிக்னலின் ஒரு பகுதி திரும்பிப் போகிறது. அங்கே செய்த அவசர மருத்துவம், கோர்வையில்லாத ஒரே நீளக் கேபிளைக் கண்டுபிடித்து மாற்றியது. பிறகு 110 ஓம் கேபிள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதை மைக்குக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். இதற்கு எதிர்மாறாகச் செய்யும்போதுதான் சிக்கல்.

எக்ஸ்எல்ஆரிலிருந்து ஆர்சிஏ-வுக்கு முனையை மட்டும் மாற்றிச் சாலிடர் செய்த கேபிள் இருக்கிறதா? அது ஒருநாள் ஓடும், ஒருநாள் ஓடாது. 110 ஓமும் 75 ஓமும் ஒத்துப்போகவில்லை, வோல்டேஜும் பல மடங்கு வேறு. நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள மாற்றி ஒன்று வேண்டும். அதை வாங்கத் தயங்காதீர்கள்.

சரியான, குட்டையான, புதிய கேபிளிலும் வெடிப்பு நிற்கவில்லை என்றால் துளையின் சாலிடர் விட்டிருக்கலாம். கேபிளைத் தொடாமல் துளையை மட்டும் விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். ஒலி மாறினால் பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டிய நேரம்.

## அறிகுறி 4: சுருதி மாறிவிட்டது, வேகமும் மாறிவிட்டது

44.1-இல் பதிவான பாட்டு 48-இல் ஓடினால் வேகம் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடும், சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை அளவுக்கு ஏறியதுபோல் கேட்கும். பாடகர் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். 48-இல் பதிவானது 44.1-இல் ஓடினால் அதே அளவு இறங்கும்.

காரணம் பெரும்பாலும் இதுதான்: மாஸ்டர் ஒரு எண்ணில் ஓடுகிறது, பதிவு மென்பொருளின் கோப்பு வேறு எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. வெளிக் கிளாக்கைப் பின்பற்றும்போது மென்பொருளில் நீங்கள் எழுதும் எண் வெறும் பெயர்ப்பலகை, உண்மையான வேகத்தைத் தீர்மானிப்பது மாஸ்டர். மாஸ்டரின் முகப்பில் எண்ணைச் சரிசெய்து, பிறகு மென்பொருளை அதற்குப் பொருத்துங்கள். தவறாகப் பதிவான கோப்பு வீணாகவில்லை. ஒலியை உருமாற்றாமல், கோப்பின் தலைப்பில் இருக்கும் சாம்பிள் ரேட்டை மட்டும் உண்மையான எண்ணுக்குத் திருத்தினால் சுருதி தன் இடத்துக்குத் திரும்பிவிடும்.

## அறிகுறி 5: கேபிளைச் செருகியதும் 'ம்ம்ம்' என்ற உறுமல்

டிஜிட்டல் கேபிளுக்குள் உறுமல் ஏறாது. எண்கள் வந்து சேரும், அல்லது சேராது. ஆனால் கோஆக்சியலின் வெளிவலை இரண்டு கருவிகளின் எர்த்தையும் கட்டிவிடுகிறது. அந்தச் சுற்றில் ஓடும் மின்சாரம் ஸ்பீக்கருக்குப் போகும் அனலாக் பாதையில் உறுமலாக வெளிப்படுகிறது. கேபிளை உருவியதும் உறுமல் நின்றால் உறுதி.

இரண்டு கருவிகளையும் ஒரே மின்பலகையில் செருகுங்கள். போகவில்லையென்றால் ஆப்டிகலுக்கு மாறுங்கள், உறுமல் அந்த நொடியே நிற்கும். ஒரு பக்கம் ஆப்டிகல் துளை இல்லையென்றால் எஸ்பிடிஃபுக்கான டிரான்ஸ்ஃபார்மர் தனிமைப்படுத்தி ஒன்றை நடுவில் போடலாம்.

எர்த் முனையை மட்டும் தொடாதீர்கள். மூன்றாவது முனையை வெட்டியும், டேப் சுற்றியும் உறுமலை 'நிறுத்திய' பிளக்குகளைப் பல கூடங்களில் பார்த்திருக்கிறேன். வெறுங்காலோடு மைக்கைப் பிடித்துப் பாடுகிறவரின் உயிருக்கு அந்த முனைதான் காவல். இரண்டும் மூன்று முனைப் பிளக் உள்ள கருவிகளாக இருந்து, கேபிள் இல்லாத நிலையில் அவற்றின் உலோகப் பெட்டிகளுக்கு இடையே மல்ட்டிமீட்டர் சில வோல்ட் ஏசி காட்டினால், கேபிளை இணைக்காமல் மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். அது ஒலிக்கோளாறு அல்ல, கட்டடத்தின் எர்த் கோளாறு.

## அறிகுறி 6: பிஎன்சி கேபிள் போட்டும் வேர்ட் கிளாக் பூட்டவில்லை, அல்லது வந்து வந்து போகிறது

வேர்ட் கிளாக் கேபிளில் ஒலி கிடையாது. சாம்பிளுக்கு ஒரு துடிப்பு, அவ்வளவுதான். ஒலிக்குத் தனிக் கேபிள் போட்டிருக்கிறீர்களா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். சிரிக்க வேண்டாம், இதைக் கேட்டு வந்த அழைப்புகள் உண்டு.

அடுத்தது கேபிளின் உடம்பில் அச்சாகியிருக்கும் எழுத்து. `RG-59` என்றால் 75 ஓம், சரி. `RG-58` என்றால் 50 ஓம், பழைய கணினி வலைப்பின்னலுக்கானது. முனை இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும். சிசிடிவி கேமரா பொருத்துபவர்கள் வாங்கும் கடையில் நல்ல செம்புக் கம்பியுள்ள ஆர்ஜி-59 கிடைக்கும்.

பிறகு முடிப்பு. கேபிளின் கடைசிக் கருவியில் மட்டும் 75 ஓம் முடிப்பு, அதாவது துடிப்பை உறிஞ்சிக்கொள்ளும் மின்தடை, இருக்க வேண்டும். அது இல்லையென்றால் துடிப்பு சுவரில் பட்ட பந்துபோல் திரும்பி வந்து அடுத்த துடிப்பைக் குழப்பும். இரண்டு இடத்தில் இருந்தால் வோல்டேஜ் சரிந்து துடிப்பே பலவீனமாகும். கருவியின் பின்புறம் `75Ω` அல்லது `TERM` என்ற பொத்தான் இருக்கும். அல்லது முடிப்பு உள்ளேயே நிரந்தரமாக இருக்கும், அதைக் கையேட்டில் பாருங்கள். நடுவில் இருக்கும் கருவிக்கு டி வடிவ இணைப்பியை அதன் துளையிலேயே நேராகப் போடுங்கள். டி-க்கும் அந்தக் கருவிக்கும் நடுவே இன்னொரு கேபிள் வரக் கூடாது.

மல்ட்டிமீட்டர் இருந்தால், கருவிகளை அணைத்து, மாஸ்டரிலிருந்து கேபிளை உருவி, அந்த நுனியின் நடுஊசிக்கும் வெளிவளையத்துக்கும் இடையே ஓமை அளந்து பாருங்கள். பல கருவிகளில் இது நேரடியாகப் பதில் சொல்லும். 75-க்கு அருகில் வந்தால் சரி, 37-38 வந்தால் முடிப்பு இரண்டு, அளவே காட்டாமல் நின்றால் முடிப்பு இல்லை. பொத்தானை அழுத்தியும் எண் மாறாவிட்டால் அந்தக் கருவியின் முடிப்பு மின்னணு முறையில் இயங்குவதாக இருக்கலாம், அப்போது இந்த அளவை நம்ப வேண்டாம்.

96-இல் மட்டும் பூட்டவில்லை என்றால் கேபிளைக் குறை சொல்லாதீர்கள். சில கருவிகள் 96-இல் ஓடும்போதும் 48-இன் துடிப்பையே எதிர்பார்க்கும். மாஸ்டரின் மெனுவில் வேர்ட் கிளாக் வெளியீட்டை ஒரு மடங்காக மாற்றும் தேர்வு இருக்கும், அதை மாற்றிப் பாருங்கள்.

இதற்கு மேல் அலைக்காட்டி வைத்துத் துடிப்பின் உருவத்தைப் பார்த்தால்தான் தெரியும். அந்த வேலைக்கு ஆளை அழைக்கும்போது, எந்தக் கருவி மாஸ்டர், எந்தச் சாம்பிள் ரேட், எந்தத் துளையிலிருந்து எந்தத் துளைக்கு எந்தக் கேபிள், பத்து டிக்குக்கு எத்தனை வினாடி என்பதை ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். அந்தத் தாள் இருந்தால் பாதி அழைப்புகளை நான் தொலைபேசியிலேயே முடித்துவிடுகிறேன்.